முதியோர் இல்லத்தின் வரவு செலவு: ஒரு பாடம்



முதியோர் இல்லத்திற்கு உதவ விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலாவது கேட்கிற கேள்வி, "ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பிறந்த நாளிலும் திருமண நாளிலும் பெற்றோரின் நினைவு நாளிலும் முதியவர்களுக்கு ஒரு வேளை விருந்து கொடுப்பது நம் சபைகளில் வேரூன்றிய நல்ல வழக்கம். ஆனால் ஒரு முதியோர் இல்லம் தள்ளாடுவது உணவுச் செலவினால் அல்ல. இல்லத்தில் இருக்கிறவர்களின் எண்ணிக்கை கூடாமல், அரிசி விலையும் ஏறாமல், எந்தப் பணமும் தவறான வழியில் போகாமல் இருக்கும்போதே ஓர் இல்லம் ஆறு மாதத்தில் பற்றாக்குறையில் விழுந்துவிட முடியும். அது எப்படி என்பதையும், அதை முன்னதாகவே எப்படிக் கண்டுகொள்ளலாம் என்பதையும் இந்தப் பாடத்தில் கற்றுக்கொள்வோம்.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிற உவமையை லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் நாம் அறிவோம். முதியோர் இல்லமோ கட்டி முடிந்த பிறகும் செலவு வளர்ந்துகொண்டே இருக்கிற ஒரு கோபுரம். ஆகையால் ஒருமுறை உட்கார்ந்து எண்ணினால் போதாது.

பாடத்திற்காக ஒரு மாதிரி இல்லத்தை எடுத்துக்கொள்வோம். தென் தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊரில், மருத்துவமனை வளாகத்தின் ஓரத்தில் 30 பேர் தங்கியிருக்கும் இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கொடுக்கப்படும் தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நாங்கள் அமைத்தவை. உங்கள் ஊரில் கூலியும் விலைவாசியும் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

1. ஒரு நாளின் செலவு

ஏப்ரல் மாதத்தில் இந்த இல்லத்தில் இருக்கும் 30 பேரில் 20 பேர் தாங்களாகவே நடந்து, குளித்து, உண்ணக்கூடியவர்கள். 7 பேருக்குக் குளிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் ஒரு கை உதவி வேண்டும். 3 பேர் படுக்கையில் இருக்கிறார்கள்.

இவர்களுக்காக மாதம் ஆகும் செலவு இது: பணியாளர்களுக்கு 2,36,000 ரூபாய். உணவுக்கும் எரிவாயுவுக்கும் 97,000. மருந்துக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கு வேண்டிய பொருள்களுக்கும் 31,500. மின்சாரம், தண்ணீர், சோப்பு, துணி வெளுத்தல், பழுது பார்த்தல், வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 36,000. திடீர் மருத்துவமனைச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் ஒதுக்குவது 10,000. ஆக மொத்தம் 4,10,500 ரூபாய்.

இதை 30 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு மாதம் சுமார் 13,683 ரூபாய். இல்லத்தில் 30 பேர், மாதத்தில் 30 நாள் என்பதால், முழு இல்லத்திற்கும் ஒரு நாளுக்கு ஆகும் செலவும் அதே 13,683 ரூபாய்தான். அந்த ஒரு நாளின் செலவில் உணவுக்குப் போவது 3,233 ரூபாய். நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பாதிக்கும் மேலே, அதாவது 7,867 ரூபாய், சம்பளமாகப் போகிறது.

சம்பளத்திற்கு இவ்வளவா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆகவே அதை முதலில் பார்ப்போம்.

2. இரவில் ஒருவர் இருக்க எத்தனை பேர் வேண்டும்?

முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிட்டு, படுக்கையில் திருப்பிவிடுகிற பணியாளர்களே ஓர் இல்லத்தின் முதுகெலும்பு. நம் மாதிரி இல்லத்தில் காலை முறைக்கு இரண்டு பேர், மாலை முறைக்கு இரண்டு பேர், இரவு முறைக்கு ஒருவர். ஒரு நாளைக்கு ஐந்து முறை வேலை. அப்படியானால் ஐந்து பேரை நியமித்தால் போதும் என்று கமிட்டியில் ஒருவர் சொல்லக்கூடும். இங்கேதான் முதல் கணக்கு தவறுகிறது.

ஆண்டுக்கு 365 நாள். ஒரு பணியாளருக்கு வார ஓய்வு 52 நாள். பண்டிகை விடுமுறை, சொந்த விடுப்பு, நோய் விடுப்பு எல்லாம் சேர்த்து இன்னும் 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 283 நாள்தான் அவர் வேலைக்கு வருவார். முதியவர்களுக்கோ விடுமுறை கிடையாது. 365-ஐ 283-ஆல் வகுத்தால் 1.29 வருகிறது. அதாவது ஒரு முறையை ஆண்டு முழுவதும் வெறுமையாகாமல் காக்க ஒருவர் போதாது. ஒன்றேகால் பேருக்குச் சற்று மேலே தேவை. ஐந்து முறைகளுக்கு ஆறரைப் பேர். ஆகவே ஏழு பேர்.

இந்த ஏழு பேரோடு ஒரு நர்ஸ், இரண்டு சமையல்காரர்கள், துப்புரவுக்கும் துணி வெளுக்கவும் இரண்டு பேர், ஒரு வார்டன், ஒரு காவலாளி. மொத்தம் 14 பேர். இவர்களுக்குச் சம்பளம் 1,95,000 ரூபாய். இதோடு முடிவதில்லை. நிறுவனம் செலுத்த வேண்டிய வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்கு, பிற்பாடு கொடுக்க வேண்டிய பணிக்கொடைக்கான ஒதுக்கீடு ஆகியவை சம்பளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 ஆகும். அது 41,000 ரூபாய். இவ்விதமாக 2,36,000 வருகிறது.

பணிக்கொடையைப் பலர் பட்ஜெட்டில் எழுதுவதே இல்லை. ஐந்து ஆண்டு முடித்த பணியாளருக்கு, ஆண்டு ஒன்றுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் அது சேர்ந்துகொண்டே வருகிறது. இருபது ஆண்டு உழைத்த ஆயாம்மா ஓய்வு பெறும் நாளில்தான் அது கமிட்டியின் கண்ணில் படுகிறது என்றால், அந்தத் தொகை அந்த மாத உணவிலிருந்தோ மருந்திலிருந்தோதான் எடுக்கப்படும்.

3. எண்ணிக்கை மாறவில்லை, செலவு மாறியது

இப்போது இந்தப் பாடத்தின் மையத்திற்கு வருகிறோம். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை இந்த இல்லத்தில் இருக்கிறார் என்று எண்ணிக்கொள்வோம். 70 வயதில் வந்தார். திருமணம் ஆகாதவர். அண்ணன் மகன் மாதம் 5,000 ரூபாய் அனுப்புகிறார். வந்த நாளில் இவர் மற்றவர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவார்; தோட்டத்தில் கீரை பறித்துச் சமையலறைக்குக் கொடுப்பார். இவரால் இல்லத்திற்குக் கூடுதல் வேலை எதுவும் இல்லை.

நான்கு ஆண்டு கழித்து, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. சிகிச்சை முடிந்து திரும்பி வருகிறார், ஆனால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. அதே ஆறு மாதத்திற்குள் ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது. இன்னும் இருவருக்கு ஞாபக மறதி முற்றி, நடையும் தளர்ந்துவிடுகிறது. அக்டோபரில் பார்த்தால் படுக்கையில் இருப்பவர்கள் மூன்று பேர் அல்ல, ஏழு பேர். இல்லத்தில் அதே 30 பேர்தான். புதிதாக ஒருவரும் சேரவில்லை.

இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். படுக்கையில் இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் வந்துவிடும். எட்டு மணி நேர இரவில் ஒருவருக்கு நான்கு தடவை. நனைந்திருந்தால் துடைத்து மாற்றவும் சேர்த்து, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேருக்கு இரண்டு மணி நேர வேலை. ஒரே பணியாளர் எப்படியாவது செய்துவிடலாம். ஏழு பேருக்கு நான்கு மணி நாற்பது நிமிட வேலை. அதற்கிடையில் மற்ற 23 பேரில் யாராவது கழிப்பறைக்குப் போக அழைப்பார்கள். ஒருவருக்குச் சர்க்கரை குறைந்து வியர்க்கும். ஞாபக மறதி உள்ளவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகப் பார்ப்பார். மேலும் கனத்த சரீரமுள்ள ஒருவரை ஒரே ஆள் இழுத்துத் திருப்பினால் முதியவரின் தோல் உரியும், பணியாளரின் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். ஆகவே இரவில் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். காலையிலும் ஏழு பேரைப் படுக்கையிலேயே குளிப்பாட்டி ஊட்டிவிட இன்னொருவர் வேண்டும்.

ஐந்து முறைகள் ஏழு முறைகளாகின்றன. 1.29-ஆல் பெருக்கினால் ஒன்பது பேர். அதாவது புதிதாக இரண்டு பேர். ஒருவருக்கு 14,000 ரூபாய் சம்பளமும் மேற்சொன்ன நூற்றுக்கு 21-உம் சேர்த்தால் இருவருக்கும் சுமார் 34,000 ரூபாய். அடுத்ததாகப் பொருள்கள். படுக்கையில் இருப்பவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு டயப்பர், ஒன்று 30 ரூபாய் என்றால் மாதம் 3,600. கையுறை, ரப்பர் விரிப்பு, களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி ஆகியவற்றிற்கு இன்னும் 900. ஒருவருக்கு 4,500, நான்கு பேருக்கு 18,000. துணி வெளுக்கவும் சத்துக் கஞ்சிக்கும் 6,000. கூட்டிப் பாருங்கள்: மாதம் 58,000 ரூபாய் கூடிவிட்டது.

நான்கு பேரின் நிலை மாறியதால் ஆளுக்கு 14,500 ரூபாய் வீதம் செலவு ஏறிற்று. ஆனால் ஆசிரியைக்காக வருவது அதே 5,000 ரூபாய். இல்லத்தில் சேர்ந்த நாளில் அவர் நடந்துகொண்டிருந்தபோது நிர்ணயித்த தொகை அது. "ஒருவருக்கு இவ்வளவு" என்ற சராசரிக் கணக்கு ஏமாற்றுவது இதனால்தான். நடமாடுகிறவரின் செலவு சராசரிக்கு வெகு கீழே. படுக்கையில் இருப்பவரின் செலவு அதற்கு வெகு மேலே. முதியோர் இல்லத்தில் எல்லாரும் ஒரே திசையில்தான் போகிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

4. இல்லவாசிகள் கொடுக்கும் தொகை

இந்த 30 பேரில் 10 பேர் "முழுத் தொகை" என்று மாதம் 12,000 ரூபாய் கொடுக்கிறார்கள். ஓய்வூதியம் உள்ளவர்கள், பிள்ளைகள் வெளியூரில் வேலையில் உள்ளவர்கள் இவர்கள். 12 பேர் 5,000 ரூபாய் வீதம் கொடுக்கிறார்கள். 8 பேரால் ஒன்றும் கொடுக்க இயலாது. மொத்தம் 1,80,000 ரூபாய்.

கவனியுங்கள்: ஏப்ரல் மாதத்திலேயே ஒருவருக்கு ஆகும் சராசரிச் செலவு 13,683 ரூபாய். ஆகவே முழுத் தொகை கொடுப்பவர்களும் உண்மையில் முழுத் தொகை கொடுக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 1,683 ரூபாயை, வசதி குறைந்த நன்கொடையாளர்களும் சேர்ந்து தாங்குகிறார்கள். வசதியுள்ள மகனிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். சொல்லாமல் இருந்தால் அவர் எப்படி அறிவார்?

சேர்க்கையின்போது வாங்கும் டெபாசிட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துப் பேரிடம் ஒரு லட்சம் வீதம் வாங்கினால் வங்கியில் பத்து லட்சம் இருக்கும். பார்ப்பவர்களுக்கு இல்லம் வசதியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது இல்லத்தின் பணம் அல்ல. முதியவர் வீடு திரும்பினாலும் மறைந்துபோனாலும் ஒப்பந்தப்படி திருப்பித் தர வேண்டிய கடன் அது. வரவாக எழுதக்கூடியது அதன் வட்டி மட்டுமே.

இதைவிட ஆபத்தானது "வாழ்நாள் கட்டணம்". ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு கடைசிவரை பார்த்துக்கொள்வதாகச் சில இல்லங்கள் வாக்குக் கொடுக்கின்றன. ஐந்து லட்சத்தை 13,683-ஆல் வகுத்தால் 36 மாதத்திற்குச் சற்று மேல் வருகிறது. எழுபது வயதில் வந்தவர் எண்பத்தைந்து வரை இருந்தால் மீதிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? அடுத்துச் சேருகிறவர் கொடுக்கும் ஐந்து லட்சத்திலிருந்துதான். அந்த வரிசை ஒரு நாள் நின்றுபோகும்.

பிள்ளைகள் வசதியிருந்தும் கொடுக்க மறுத்தால், 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி முதியவர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். அந்தச் சட்டம் பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்ச வரம்பு வைத்தது. நம் மாதிரி இல்லத்தில் நடமாடாத ஒருவரின் செலவில் அது பாதியையும் எட்டாது. மேலும் தன் மகன்மேல் மனுக் கொடுக்க விரும்பாத தாய்மார்தான் அதிகம். எனவே சட்டத்தை நம்பிப் பட்ஜெட் போட முடியாது.

5. நன்கொடை எந்த உருவில் வருகிறது?

நம் மாதிரி இல்லத்தில் மாதத்திற்கு 24 நாள் உணவை நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். நாளுக்கு 3,250 ரூபாய் வீதம் 78,000. மாதாந்தரத் தாங்குநர்களிடமிருந்து 90,000. இவற்றோடு இல்லவாசிகளின் 1,80,000-ஐச் சேர்த்தாலும் மாதம் 62,500 ரூபாய் குறைகிறது. ஆண்டுக்கு ஏழரை லட்சம். அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ், நினைவுக் காணிக்கை ஆகியவற்றால் அந்த ஏழரை லட்சமும் வந்துவிடும் என்று கமிட்டி திட்டமிடுகிறது. தாளில் கணக்குச் சரியாக இருக்கிறது.

ஆனால் கிறிஸ்துமஸ் காணிக்கை டிசம்பரில்தான் வரும். ஏப்ரலிலிருந்தே குறைவு இருக்கிறது. சென்ற ஆண்டின் மிச்சம் செப்டம்பரில் தீர்ந்துவிடும். சரியாக அந்த வேளையில்தான் நான்கு பேர் படுக்கையில் விழுந்து மாதம் 58,000 கூடுகிறது. உணவுக்கென்று கொடுக்கப்பட்ட பணத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. கொடுத்தவர் அதற்காகவே கொடுத்தார். ஆகவே சமையலறையில் விருந்து நடக்கும். இரவில் இரண்டாவது பணியாளருக்குச் சம்பளம் இருக்காது. அந்த நெருக்கடியில் வார்டன் டெபாசிட் கணக்கைப் பார்க்கிறார். "டிசம்பரில் திருப்பிப் போட்டுவிடலாம்" என்று அதிலிருந்து சம்பளம் கொடுக்கப்படுகிறது. இல்லங்கள் கடனில் மூழ்குவது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இதற்கு ஒரு எளிய மாற்று உண்டு. ஒரு வேளை விருந்துக்குப் பதிலாக, அல்லது அதோடுகூட, "இல்லத்தின் ஒரு நாள்" என்று கொடுக்கலாம். முழு நாள் 13,683 ரூபாய். ஒரு குடும்பத்தால் இயலாவிட்டால் நான்கு குடும்பம் சேரலாம். ரசீதில் "அந்த நாளின் எல்லாச் செலவுக்கும்" என்று எழுதப்பட்டால் அந்தப் பணம் சோற்றுக்கும் போகும், இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கிற கைகளுக்கும் போகும்.

6. பட்ஜெட்டை எப்படி எழுதுவது?

முதலாவது, இல்லவாசிகளை மூன்று நிலையாகப் பிரித்து எழுத வேண்டும்: நடமாடுகிறவர்கள், உதவி வேண்டியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள். யார் எந்த நிலை என்பதை மனம்போல முடிவு செய்யாமல், ஆறு காரியங்களைக் கேட்க வேண்டும். தானாகக் குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போகிறாரா, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறாரா, சிறுநீர் மலத்தை அடக்குகிறாரா, தானாக உண்கிறாரா என்பவை அவை. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-இல் வெளியிட்ட இந்த அளவுகோல் இன்றும் உலகமெங்கும் பயன்படுகிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் நர்ஸ் ஒரு மாலைப் பொழுதில் 30 பேருக்கும் இதை எழுதிவிடலாம். ஏப்ரலில் ஆறும் செய்த ஒருவர் அக்டோபரில் நான்குதான் செய்கிறார் என்றால், அடுத்த ஆண்டின் செலவு நம் வாசலில் வந்து நிற்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, சேர்க்கை ஒப்பந்தத்தில் மூன்று நிலைக்கும் மூன்று தொகையை முதல் நாளே எழுதி, ஆண்டுதோறும் திருத்தப்படும் என்பதையும் சேர்க்க வேண்டும். முதியவர் விழுந்த பிறகு தொகையைக் கேட்டால் அது குடும்பத்திற்கு மிரட்டலாகத் தோன்றும். முன்பே எழுதியிருந்தால் அது ஏற்பாடு. கூட்டிக் கொடுக்க இயலாத குடும்பத்தின் முதியவரை வெளியே அனுப்பக் கூடாது. அவருக்கான வித்தியாசத்தை அடுத்து நாம் சொல்லும் நிதி தாங்க வேண்டும்.

மூன்றாவது, "நிலை மாற்ற நிதி" என்று ஒரு தனி வரி வேண்டும். நம் மாதிரி இல்லத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்திற்கு 58,000 வீதம் 3,48,000 ரூபாய் தேவைப்பட்டது. இதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 29,000. ஏப்ரல் முதலே இதை ஒதுக்கினால் அக்டோபரில் ஒருவரும் திகைக்க வேண்டியதில்லை. 29,000 எங்கிருந்து வரும்? முழுத் தொகை கொடுக்கும் பத்துப் பேரின் தொகையை 12,000-லிருந்து 13,700-ஆக உயர்த்தினால் 17,000 வருகிறது. மீதி 12,000-ஐ மாதம் 500 ரூபாய் வீதம் 24 குடும்பங்கள் தாங்கலாம். அந்த ஆண்டில் யாரும் விழாவிட்டால் நிதி அடுத்த ஆண்டுக்குப் போகட்டும். ஏனெனில் அடுத்த ஆண்டில் அனைவருக்கும் ஒரு வயது கூடியிருக்கும்.

மருந்தில் சிக்கனம் செய்யவும் வழி உண்டு. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைத் தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்து கேட்கலாம். மற்ற மாத்திரைகளை மக்கள் மருந்தகத்திலோ, 2025-இல் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலையில் வாங்கலாம். ஆனால் டயப்பரிலும் கையுறையிலும் சிக்கனம் பிடித்தால் அது படுக்கைப் புண்ணாகத் திரும்பி வரும். ஆழமான ஒரு புண் ஆற மாதக்கணக்காகும். தினமும் கட்டு மாற்ற வேண்டும். சேமித்ததைவிட அதிகம் செலவாகும். அந்த வேதனைக்கோ விலை இல்லை.

7. இல்லத்திற்குப் போகும்போது

நீங்கள் ஆதரிக்கும் இல்லத்தைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் சாப்பாட்டையும் மட்டும் பார்த்துத் திரும்பாதேயுங்கள். பொறுப்பாளரிடம் அன்போடு சில காரியங்களைக் கேளுங்கள். கணக்கு ஒழுங்காக இருக்கும் இல்லம் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

படுக்கையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், சென்ற ஆண்டு இதே மாதம் எத்தனை பேர் இருந்தார்கள்?

இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? பக்கம் மாற்றிப் படுக்க வைத்த நேரம் எழுதப்படுகிறதா? எல்லா இரவிலும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே நேரத்தில் எழுதியதுபோல் இருந்தால் அது காலையில் உட்கார்ந்து எழுதப்பட்டதாக இருக்கலாம்.

மாதம் எத்தனை டயப்பர் வாங்கப்படுகிறது? படுக்கையில் ஏழு பேர் என்றால் நாளுக்கு நான்கு வீதம் மாதம் 840 வேண்டும். முந்நூறு வாங்கினால் மீதி நேரம் அவர்கள் நனைந்தே கிடக்கிறார்கள்.

டெபாசிட் தொகை மொத்தம் எவ்வளவு? அது முழுவதும் தனிக் கணக்கில் இருக்கிறதா? பணியாளர் சம்பளம் சென்ற மூன்று மாதங்களில் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது? தேதி ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கும் பிறகு இருபதுக்கும் தள்ளிப்போயிருந்தால், ஆண்டறிக்கை என்ன சொன்னாலும் அந்த இல்லத்திற்கு இப்போதே உதவி வேண்டும்.

வரும் மாதச் சபைக் கமிட்டியிலோ பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலோ நீங்கள் தாங்குகிற இல்லத்தின் இவ்வாண்டுப் பட்ஜெட்டை எடுத்துவைத்து, மூன்று நிலைகளின் எண்ணிக்கை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணிக்கையைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு, விருந்துக்குக் கொடுப்பதா, ஒரு நாளுக்குக் கொடுப்பதா, நிலை மாற்ற நிதிக்குக் கொடுப்பதா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.